எந்த மருந்து எந்தப் படியை மறிக்கிறது? ஹெர்பிஸ், இன்ஃப்ளூயன்சா, ஹெபடைடிஸ்: பயிற்சி வினாக்களும் விடைகளும்

இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்., மருந்தியல் டுடோரியல். நேரம் 40 நிமிடம். விடைகள் பின்னால் இருக்கின்றன, ஆனால் முதலில் எழுதிப் பாருங்கள்.

தொடங்கும் முன் தாளின் ஓரத்தில் வைரஸின் பயணத்தை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒட்டுதல், உள்ளே நுழைதல், உறை கழற்றல், மரபுப்பொருளை நகலெடுத்தல், புரதம் தயாரித்து வெட்டுதல், கோத்தல், வெளியேறுதல். மருந்தின் பெயரை மட்டும் உருப்போட்டவர்கள் வினா 1-இல் தப்பிவிடலாம். வினா 2 முதல் அது உதவாது.

வினாக்கள்

1. பொருத்துக.

அ. அசைக்ளோவிர்
ஆ. அமன்டடின்
இ. ஓசெல்டாமிவிர்
ஈ. பலோக்சாவிர்
உ. லெட்டர்மோவிர்
ஊ. டெனோஃபோவிர்
எ. சோஃபோஸ்புவிர்
ஏ. கிளெகாப்ரெவிர்
ஐ. புலெவிர்டைட்

1) புதிய வைரஸ் செல்லின் மேற்பரப்பிலிருந்து விடுபடுதல்
2) கல்லீரல் செல்லுக்குள் நுழைதல்
3) நீளமான வைரஸ் புரதத்தைத் துண்டுகளாக வெட்டுதல்
4) வைரஸ் டி.என்.ஏ.வை வெட்டிக் கூட்டுக்குள் அடைத்தல்
5) ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுதல்
6) உறை கழற்றல்
7) டி.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுதல்
8) ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதுதல்
9) செல்லின் எம்.ஆர்.என்.ஏ. தலையில் இருக்கும் தொப்பியைக் கத்தரித்துக்கொள்ளுதல்

2. 34 வயதுக்காரர் ஒருவர் காய்ச்சல், குழப்பமான பேச்சு, ஒரு வலிப்புடன் வருகிறார். எம்.ஆர்.ஐ.யில் டெம்போரல் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. அசைக்ளோவிர் சிரை வழியாகத் தொடங்கப்படுகிறது. (அ) தொற்றில்லாத நரம்பு செல்களை இந்த மருந்து ஏன் பெரும்பாலும் விட்டுவிடுகிறது? (ஆ) மூன்றாம் நாள் கிரியேட்டினின் ஏறுகிறது. என்ன நடந்திருக்கும்?

3. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட ஒருவருக்கு வாயோரப் புண்கள் அசைக்ளோவிருக்கு அசையவில்லை. வைரஸில் என்ன மாறியிருக்கும்? வலாசைக்ளோவிருக்கு மாற்றினால் பலன் உண்டா? வேறு எதைத் தருவீர்கள்?

4. ஆரோக்கியமான 25 வயது இளைஞர், ஃப்ளூ காய்ச்சலின் நான்காம் நாள். "ஓசெல்டாமிவிர் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்கிறார். உங்கள் பதிலைக் காரணத்துடன் எழுதுக.

5. ஹெபடைடிஸ் சி உள்ள ஒருவருக்கு சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் கூட்டு தொடங்க வேண்டும். அவர் அமியோடரோன் எடுக்கிறார். ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. எங்கே எச்சரிக்கை தேவை?

6. ஹெபடைடிஸ் சி-க்குப் பல நேரம் 12 வாரம் போதும். ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் ஆண்டுக்கணக்கில் போகிறது. ஏன்?

விடைகள்

1. அ-7, ஆ-6, இ-1, ஈ-9, உ-4, ஊ-5, எ-8, ஏ-3, ஐ-2.

ஊ, எ இரண்டையும் மாற்றிப் போடுவது வழக்கமான தவறு. ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ. வைரஸ்தான். ஆனாலும் அது நகலெடுக்கும்போது நடுவில் ஓர் ஆர்.என்.ஏ. வழியாகப் போய்த் திரும்புகிறது. அதனால்தான் எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் இங்கும் வேலை செய்கிறது. ஹெபடைடிஸ் சி-யின் வாழ்வில் டி.என்.ஏ.வே கிடையாது. அதன் மருந்துகளுக்குப் பெயரின் வால் போதும்: ப்ரெவிர் என்றால் என்.எஸ்.3 புரோட்டியேஸ், அஸ்விர் என்றால் என்.எஸ்.5ஏ, புவிர் என்றால் என்.எஸ்.5பி பாலிமரேஸ்.

லெட்டர்மோவிர் சைட்டோமெகலோ வைரஸின் டெர்மினேஸைப் பிடிக்கிறது. மனித செல்லில் அப்படியொரு நொதியே இல்லை. கான்சைக்ளோவிர் போல இது எலும்பு மஜ்ஜையை அடிக்காது, ஆகவே மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்குத் தடுப்பாகக் கொடுக்க வசதி. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்குப் பயன்படாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. (அ) இந்தத் தாளிலேயே அழகான விடை இதுதான். அசைக்ளோவிர் உள்ளே போகும்போது செயலற்றது. அதன்மேல் மூன்று பாஸ்பேட்டுகள் ஏறினால்தான் வேலை. முதல் பாஸ்பேட்டை ஏற்றுவது வைரஸின் தைமிடின் கைனேஸ். நம் செல்லின் நொதிகள் அந்த வேலையை அநேகமாகச் செய்வதில்லை. மீதி இரண்டை நம் நொதிகளே ஏற்றிவிடும். ஆக, வைரஸ் இருக்கும் செல்லில் மட்டும் மருந்து கூர்மையாகிறது. டிரைபாஸ்பேட் ஆனதும் வைரஸின் டி.என்.ஏ. பாலிமரேஸை மறிக்கிறது. இழையில் சேர்ந்துவிட்டாலோ, அடுத்த எழுத்து ஒட்டத் தேவையான 3' ஹைட்ராக்சில் அதில் இல்லாததால் இழை அங்கேயே முடிந்துவிடும். 1988-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்த மருந்து இது.

(ஆ) மருந்து சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாக இறங்கியிருக்கலாம். கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற அளவை ஒரே தள்ளாக ஏற்றக் கூடாது. ஒரு மணி நேரம் மெதுவாகச் சொட்டவிட்டு, நீரேற்றத்தைக் கவனிக்க வேண்டும். கிரியேட்டினினுக்கு ஏற்ப அளவைச் சரிசெய்யுங்கள். பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிட்டால் மூளை போய்விடும்.

3. பெரும்பாலும் தைமிடின் கைனேஸை வைரஸ் இழந்திருக்கும், அல்லது அது பலவீனமாகியிருக்கும். வலாசைக்ளோவிர் குடலில் நன்றாக உறிஞ்சப்படும் அசைக்ளோவிர்தான், அதற்கும் அதே கைனேஸ் வேண்டும். பலன் இல்லை. ஃபாஸ்கார்னெட் பைரோபாஸ்பேட்டைப் போல பாலிமரேஸில் நேரடியாகப் போய் உட்காரும், பாஸ்பேட் ஏற்றத் தேவையில்லை. விலை: சிறுநீரகப் பாதிப்பு, கால்சியம் குறைதல். "சிடோஃபோவிர்" என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் உண்டு, அதற்கு வைரஸ் கைனேஸ் வேண்டாம். பாலிமரேஸே மாறியிருந்தால் கதை வேறு.

4. ஓசெல்டாமிவிர் நியூராமினிடேஸை மறிக்கிறது. செல்லின் சயாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் புதிய வைரஸ்கள் விடுபட முடியாமல் நிற்கும். ஏற்கெனவே பரவிவிட்ட தொற்றை அது திருப்பாது. வைரஸ் பெருக்கம் முதல் இரண்டு நாளிலேயே உச்சம் தொடுவதால் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதில்தான் லாபம் அதிகம். இந்த இளைஞருக்கு ஓய்வு, நீர், பாராசிட்டமால் போதும் என்பேன். கர்ப்பிணி, அனுமதிக்கும் அளவுக்குத் தீவிரமான நோயாளி என்றால் தாமதமானாலும் தருவோம், பெரியவர்களுக்கு 75 மி.கி. இரு வேளை, 5 நாள்.

"அமன்டடின் கொடுக்கலாமே" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அது எம்2 வழியை அடைத்து உறை கழற்றலைத் தடுக்கும், அதுவும் இன்ஃப்ளூயன்சா ஏ-யில் மட்டும். இன்று சுற்றும் ஏ வகைகள் ஏறக்குறைய எல்லாமே அதை எதிர்க்கின்றன. இப்போது அதைப் பார்க்கின்சன் வார்டில்தான் பார்ப்பீர்கள்.

பலோக்சாவிர் ஒரே வேளை. அதைப் பால், கால்சியம் மாத்திரை, ஆன்டாசிடுடன் சேர்த்துத் தராதீர்கள், உறிஞ்சப்படாது.

5. இரண்டு இடம். அமியோடரோனுடன் சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். முடிந்தவரை தவிருங்கள். மற்றது, சி வைரஸ் இருக்கும்போது பி பெரும்பாலும் அடங்கியிருக்கும். சி-யை வேகமாகத் துடைத்தால் பி கிளம்பிவிடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் இதற்காகவே கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. முதலில் பி பரிசோதனை, அப்புறம் மாத்திரை.

6. சி வைரஸுக்குக் கருவில் ஒளிந்திருக்க இடமில்லை. பெருக்கத்தை நிறுத்தினால் அழிந்துவிடும். பி வைரஸோ கல்லீரல் செல்லின் கருவுக்குள் மூடிய வட்ட டி.என்.ஏ.வாகத் தங்கிவிடுகிறது. டெனோஃபோவிர் புதிய நகலை எழுதும் நொதியை மறிக்குமே தவிர, அந்த வட்டத்தைத் தொடாது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் வைரஸ் மீண்டும் ஏறி, கல்லீரல் அழற்சி கடுமையாகலாம்.