தலைப்பு: திருநகர் வீடு, மாடி ரூஃப் காங்கிரீட் – ஞாயிறு இரவு போனில் பேசி முடிவானவை

பெறுநர்: முருகேசன் அண்ணன் (கான்ட்ராக்டர்)
நகல்: இன்ஜினியர் சார், அப்பா
தேதி: 9 ஜூன் 2025, திங்கள்

அண்ணே, வணக்கம்.

நேற்று (ஜூன் 8) இரவு போனில் பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்வோம் என்று இதை அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பிலும் இதையே போடுகிறேன். நான் பெங்களூரில், நீங்கள் சைட்டில், அப்பா கீழ் வீட்டில். மூன்று பேரும் மூன்று தேதியை மனதில் வைத்திருக்கக் கூடாது இல்லையா, அதற்காகத்தான்.

முதலில் தேதி. 14-ஆம் தேதி போடுவதாக இருந்த காங்கிரீட் ஜூன் 23, திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. சென்ட்ரிங் ஷீட் இன்னொரு சைட்டில் மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்றீர்கள். 20-ஆம் தேதியே முடித்துவிடலாம் என்று நீங்கள் சொன்னதற்கு, 19, 20 இரண்டும் அஷ்டமி நவமி என்று அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை ராகு காலம் 7.30-க்கு. அதனால் காலை 7 மணிக்கே முதல் சட்டி விழுந்துவிட வேண்டும். ஆட்கள் 6 மணிக்கு வந்துவிடுவார்கள் என்றீர்கள்.

அதற்கு முன் நடக்க வேண்டியவை: ஷீட்டும் முட்டும் 14-ஆம் தேதி சனிக்கிழமை இறங்கும், 18-ஆம் தேதி புதன் மாலைக்குள் சென்ட்ரிங் முடியும். இரண்டும் உங்கள் பொறுப்பு. கம்பி கட்டுவது 19-இல் தொடங்கி 21 மதியத்துக்குள் முடியும். எலக்ட்ரீஷியன் 20-ஆம் தேதி வந்து ஃபேன் பாக்ஸும் பைப்பும் போட வேண்டும். அவரிடம் நான் பேசிவிடுகிறேன், பாயிண்ட் மார்க் பண்ணிய பிளான் காப்பி அப்பாவிடம் இருக்கிறது. 21-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணிக்கு இன்ஜினியர் சார் வந்து கம்பி பார்ப்பார். அவர் டிராயிங்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காங்கிரீட். ஏதாவது திருத்தச் சொன்னால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அவருடைய விசிட் ஃபீஸ் என்னுடையது.

பால்கனி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று அதிக நேரம் பேசியது அதைத்தான். 10 எம்எம்முக்குப் பதில் 8 எம்எம் போட்டால் போதும் என்ற யோசனை வேண்டாம் என்று முடிவு செய்தோம். டிராயிங்கில் உள்ளபடியே 10 எம்எம். அது தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி. அதன் மெயின் கம்பி மேல் பக்கம் இருக்க வேண்டும். கட்டும்போது மேலே இருந்தாலும், காங்கிரீட் சட்டி தூக்கிக்கொண்டு ஆட்கள் அதன் மேல் நடந்து நடந்து கீழே அமுங்கிவிட்டால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால் சேர் கம்பி நெருக்கமாகக் கொடுத்து, மேலே பலகை போட்டு ஆட்களை நடக்க விடுவதாகச் சொன்னீர்கள். 23-ஆம் தேதி அந்த இடத்தில் உங்கள் மேஸ்திரி ஒருவர் நின்று பார்த்துக்கொள்வார். கவர் பிளாக் எல்லா இடத்திலும் ரெடிமேடாக வாங்கியது. உடைந்த ஜல்லித் துண்டு வைப்பதில்லை.

கலவை எம்20, பிபிசி சிமெண்ட், சைட்டில் லிஃப்ட் மிக்சரில்தான். ரெடிமிக்ஸ் வேண்டாம், லாரி நம் தெருவுக்குள் திரும்பாது. தண்ணீரை அளந்து ஊற்ற ஒரு ஆள் மிக்சர் பக்கத்திலேயே இருப்பார். வைப்ரேட்டர் இரண்டு வரும், ஒன்று நின்றுபோனால் மற்றது. மழை வந்தால் மூடத் தார்ப்பாய் நான்கு. இவ்வளவும் உங்கள் ஏற்பாடு. கியூப் ஆறு எடுக்கிறோம்: மூன்று ஜூன் 30-இல் (7 நாள்), மூன்று ஜூலை 21-இல் (28 நாள்) டெஸ்ட். மோல்டு இன்ஜினியர் சார் கொடுப்பார், லேபுக்குக் கொண்டுபோவது அப்பா, லேப் கட்டணம் என்னுடையது.

பால்கனி ஓரம் போகும் மின் கம்பிக்காக அன்று காலை லைனை ஆஃப் செய்யச் சொல்லி, மின்வாரிய அலுவலகத்தில் அப்பா 12-ஆம் தேதி வியாழனுக்குள் கடிதம் கொடுப்பார். ஆஃப் ஆனதை லைன்மேன் நேரில் வந்து சொல்லும்வரை அந்தப் பக்கம் யாரும் கம்பியோ பைப்போ தூக்க வேண்டாம். மிக்சருக்கு உங்கள் டீசல் இன்ஜின் இருக்கிறது என்றீர்கள். வைப்ரேட்டருக்கு ஜெனரேட்டர் நீங்களே கொண்டுவர வேண்டும். நேற்று இதை இழுத்துக்கொண்டே இருந்தோம், கடைசியில் சரி என்றீர்கள்.

மறுநாள் 24-ஆம் தேதி காலையிலேயே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது உங்கள் ஆள். அதன் பிறகு ஜூலை 7 வரை, 14 நாள், தண்ணீர் வற்றாமல் பார்ப்பது அப்பா. மோட்டாரும் தண்ணீரும் எங்களுடையது.

சென்ட்ரிங் பிரிப்பது: பத்தாவது நாள் ஷீட் வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் கஷ்டம் புரிகிறது, அடுத்த சைட் காத்திருக்கிறது. ஆனால் ஹால் 16 அடி அகலம். ஐஎஸ் 456-படி நாலரை மீட்டருக்கு மேல் போகும் ஸ்லாபுக்கு முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும், அதுவும் குறைந்தபட்சக் கணக்கு. ஆகவே பேசி வந்த முடிவு: இரண்டு பெட்ரூம், கிச்சன் ஷீட்டை ஜூலை 7-இல் எடுத்துக்கொள்ளலாம், பீமுக்குக் கீழ் உள்ள முட்டு அப்படியே நிற்கும். ஹாலும் பால்கனியும் ஜூலை 14-இல்தான் (21 நாள்), அதுவும் இன்ஜினியர் சாரைக் கேட்டுவிட்டு. இந்தக் கூடுதல் நாட்களுக்குத் தனியாக வாடகை கேட்பதில்லை என்றும் சொன்னீர்கள், நன்றி அண்ணே.

பணம்: இந்த ஸ்டேஜுக்கு மொத்தம் ரூ.3,50,000. கம்பி, சிமெண்டுக்காக ரூ.2,00,000 ஜூன் 16 திங்கள் அன்று உங்கள் பேங்க் கணக்கில் போடுகிறேன். காங்கிரீட் முடிந்த மறுநாள், ஜூன் 24-இல், மீதி ரூ.1,50,000. கம்பி பில்லின் போட்டோ எனக்கு வர வேண்டும். கிச்சனில் கூடுதலாகச் சொன்ன லாஃப்ட்டுக்கு ரூ.9,000 எக்ஸ்ட்ரா, அது பூச்சு ஸ்டேஜ் பணத்தோடு.

முடிவாகாத ஒன்று இருக்கிறது. படிக்கட்டு ஹெட்ரூமுக்கு முழு சதுர அடி ரேட் என்கிறீர்கள், பாதி ரேட் என்றுதான் ஆரம்பத்தில் பேசியதாக எனக்கு நினைவு. அக்ரிமெண்டில் அந்த வரி தெளிவாக இல்லை. 21-ஆம் தேதி இன்ஜினியர் சார் வரும்போது நானும் மதுரையில் இருப்பேன், அங்கேயே உட்கார்ந்து பேசி முடிப்போம். அதுவரை இரண்டு பக்கமும் எதையும் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. ஹெட்ரூம் வேலையும் அதன் பிறகு.

நான் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலோ, விட்டிருந்தாலோ 11-ஆம் தேதி புதன் இரவுக்குள் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், டைப் செய்தே அனுப்புங்கள். எல்லாம் சரி என்றால் 'சரி' என்று ஒரு வார்த்தை போதும். அது வந்த பிறகு 16-ஆம் தேதி பணத்தைப் போடுகிறேன். இடையில் எந்தத் தேதி மாறினாலும் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் எனக்கும் ஒரு வரி அனுப்புங்கள்.

இன்ஜினியர் சார், உங்களுக்கு 21 மாலை 4 மணி தோதுப்படுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கவிதா