தட்டொலியின் சுருதியும் நீட்சியும்: பழைய வீவக வீடுகளின் உட்கூரையில் கான்கிரீட் பெயரும் முன்பே கண்டறிதல்

விரிவான ஆய்வுச்சுருக்கம் (இரண்டு பக்க வரம்பு)
முதுகலை ஆய்வு மாணவி, குடிசார் பொறியியல், சிங்கப்பூர்

பின்னணி

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், பழைய வீடுகளில் சமையலறை, கழிவறைக் கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுவது நாம் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவிக் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அந்தக் காரம்தான் கம்பிக்குக் காவல். அது போனபின் ஈரம் பட்டால் துரு ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கீழிருக்கும் மெல்லிய மூடுபடலம் தனியே பிரியும். பிரிந்ததற்கும் விழுவதற்கும் இடைப்பட்ட காலத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் காதுக்குத் தெரியும்.

பழுதுபார்க்க வரும் கொத்தனார்கள் சுத்தியலால் தட்டி, "ஹாலோ அடிக்குது" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் நான் பொக்கென்று குறித்த இடத்தைப் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இரண்டே தட்டில் தள்ளுபடி செய்தார்: "இது பூச்சுப் பொக்கு தங்கச்சி, சத்தம் உடனே செத்துடுது பாரு. உள்ள கெட்டியா இருக்கு." அவர் கேட்டது சுருதியை மட்டுமல்ல, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும். அவர் காதின் அந்த இரண்டாவது அளவை எண்ணாக்க முடியுமா என்பதே இந்த ஆய்வு.

கணக்கு

150 மி.மீ. தளம் நல்ல நிலையில் இருந்தால், தட்டும்போது அதன் தடிமனுக்குரிய அதிர்வு எழும்:

```
f = 0.96 C / (2H)
C = 3600 m/s, H = 0.15 m  →  f ≈ 11.5 kHz
```

பிரிந்த படலமோ பறைத்தோல் போல வளைந்து அதிரும். நான்கு ஓரமும் பிடித்த, 20 மி.மீ. தடிமனுள்ள 200 மி.மீ. சதுரத் தகடாகக் கொண்டால் (E = 28 GPa) 2.9 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. இந்த இடைவெளிதான் நம் காது உணரும் "பொக்கு". ஆனால் அதே தடிமனில் அகலம் 100 மி.மீ. ஆனால் கணக்கு 11.5 கிலோஹெர்ட்ஸ் தருகிறது, அதாவது நல்ல தளத்தின் சுருதியே. அத்தனை மொத்தமான தகட்டுக்கு இந்தச் சூத்திரம் மிகையாகக் காட்டும் என்றாலும், சிறு பிரிவுகளைச் சுருதியால் மட்டும் பிடிக்க முடியாது என்று சோதனைக்கு முன்பே தெரிந்துவிட்டது.

சோதனை

600 × 600 × 150 மி.மீ. அளவில் எட்டுப் பலகைகள் வார்த்தேன். ஆறில் 2 மி.மீ. நுரைத்தாளை 20 அல்லது 30 மி.மீ. ஆழத்தில் (100, 200, 300 மி.மீ. அகலம்) புதைத்தேன். ஒன்றில் குறை எதுவும் இல்லை. எட்டாவதில் கான்கிரீட் நன்றாக இருக்க, மேலே 3 மி.மீ. பூச்சு மட்டும் பிளாஸ்டிக் தாளால் பிரிந்திருந்தது. 16 மி.மீ. எஃகுக் குண்டால் தட்டி, சாதாரணக் கைப்பேசியில் பதிந்தேன். நீட்சி என்பது ஒலி 20 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம்.

கண்டவை

200 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழத்தில் சுருதி 2.4 முதல் 2.6 கிலோஹெர்ட்ஸ். ஓரங்கள் முழுமையாக இறுகாததால் கணக்கைவிடச் சற்றுக் குறைவு. அதன் நீட்சி ஏறத்தாழ 12 மில்லிவினாடி. பூச்சு மட்டும் பிரிந்த பலகையும் தாழ்ந்த சுருதியில்தான் ஒலித்தது. சுருதியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் அதன் நீட்சி 3 மில்லிவினாடியைத் தாண்டவில்லை. கொத்தனார் சொன்னது சரி. 100 மி.மீ. பிரிவுகள், எதிர்பார்த்தபடியே, நல்ல பலகையிலிருந்து பிரித்தறிய முடியாதவையாக இருந்தன.

தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டின் கழிவறைக் கூரையில், பழுதுபார்ப்புக்கு முன் உரிமையாளர் அனுமதியுடன் ஐந்து பொக்கு இடங்களைப் பதிந்தேன். நீட்சி அதிகமாயிருந்த மூன்றிலும் உடைத்தபோது துருவேறிய கம்பி இருந்தது. காரம் உள்ள இடத்தைச் சிவக்கவைக்கும் பினால்ப்தலீனைப் புது உடைப்பில் தெளித்தேன்: உட்புறம் இளஞ்சிவப்பாய்ப் பூத்தது, கம்பியைச் சுற்றி மட்டும் நிறமே ஏறவில்லை. மற்ற இரண்டிலும் பூச்சுத்தான் உதிர்ந்தது.

வரம்புகள்

ஐந்து இடங்களை வைத்து எல்லை மதிப்பை நிறுவ முடியாது. நுரைத்தாள் பிரிவு சுத்தமானது. உண்மைப் பிரிவில் துருத்தூளும் ஈரமும் அடைந்திருப்பதால் ஒலி சீக்கிரம் அடங்கக்கூடும். அப்படி அடங்கினால் ஆபத்தான இடத்தைப் பூச்சென்று நினைத்து விட்டுவிடுவோம். இந்தப் பிழைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஆகவே இப்போது உப்புநீரில் மின்னோட்டம் செலுத்தித் துருவேற்றும் நான்கு பலகைகள் தயாராகின்றன. அவற்றின் முதல் அளவீடுகளை மாநாட்டில் தருவேன். பூச்சுப் பொக்கையும் கான்கிரீட் பொக்கையும் அடுத்தடுத்து ஒலிக்கவும் விடுவேன்.

திறவுச்சொற்கள்: கான்கிரீட் பெயர்தல், தட்டொலிச் சோதனை, அடுக்குப் பிரிவு, ஒலி நீட்சி, வீவக வீடுகள்