ஈசிஆர் அரை மாரத்தானில் தண்ணீர் மேசைகள் இல்லாதது குறித்த புகாரும் பதிவுக் கட்டணத்தைத் திரும்பக் கோரும் கடிதமும்

சென்னை
12-03-2025

பெறுநர்:
பந்தய இயக்குநர் மற்றும் ஏற்பாட்டுக் குழுவினர்

(மின்னஞ்சல் வழியாகவும், ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலிலும்)

பொருள்: 09-03-2025 ஞாயிறு, கோவளம் – நெம்மேலி – கோவளம் அரை மாரத்தான், பிப் எண் 2147. அறிவித்த தண்ணீர் மேசைகள் இல்லாதது, ரூ. 1,770 திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்படி பந்தயத்தின் 21.1 கி.மீ. பிரிவில் ஓடி முடித்தேன். சிப் நேரம் 2:47:12. திரும்பும் இடத்து நேரப்பதிவுப் பாயில் பதிவான நேரம் 1:16:50. முதல் பாதியில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 17 நொடி, இரண்டாம் பாதியில் 8 நிமிடம் 34 நொடி என்ற வேகம். இந்த வித்தியாசத்துக்கு இழப்பீடு கேட்டு எழுதவில்லை. வேகம் குறைய ஆயிரம் காரணம் இருக்கலாம். எழுதுவது தண்ணீரைப் பற்றி மட்டும்.

நீங்கள் பிப்ரவரி கடைசி வாரம் அனுப்பிய ஓட்ட வழிகாட்டியின் 6-ஆம் பக்கத்தில் எட்டு இடங்களில் தண்ணீர் என்று இருந்தது: 2.5, 5, 7.5, 10, 11.1, 13.6, 16.1, 18.6 கி.மீ. அதே பக்கத்தில், 7.5 கி.மீ. மேசையில் ஓ.ஆர்.எஸ்., வாழைப்பழம், உப்பு தூவிய ஆரஞ்சுத் துண்டு கிடைக்கும் என்றும், "ஓடுபவர்கள் தனியாகத் தண்ணீர் சுமந்து வரத் தேவையில்லை" என்றும் இருந்தது. இந்த ஒரு வரியை நம்பித்தான் பலர் இடுப்புப் பை, கைபாட்டில் எதுவும் இல்லாமல் கிளம்பினார்கள்.

வழியில் இருந்தது இதுதான்.

2.5 கி.மீ.: மேசை இருந்தது, தண்ணீர் இருந்தது. குறை இல்லை.

5 கி.மீ.: மேசைமேல் சீல் உடைக்காத கேன்கள், பக்கத்தில் இரண்டு வாலண்டியர்கள். கேனில் மாட்டும் குழாயும் வரவில்லை, பேப்பர் கப்பும் வரவில்லை. கேனைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது கிலோ கேனை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் அதன் வாயைப் பொத்திப் பொத்தி ஊற்ற, பாதி தார்ச்சாலையில் போனது.

7.5 கி.மீ.: மேசை, ஆள், பலகை எதுவும் இல்லை. எனவே ஓ.ஆர்.எஸ்.ஸும் பழமும் இல்லை.

10 கி.மீ.: தண்ணீர் கிடைத்தது. ஆளுக்கு ஒரு கப்தான் என்றார்கள். நேரம் காலை 6:43.

11.1 கி.மீ.: இது 10 கி.மீ. மேசைதான், திரும்பி வரும் பக்கம். ஈசிஆரில் அந்த இடத்தில் நடுவில் மீடியன் இருக்கிறது. போவது ஒரு பக்கம், வருவது மறுபக்கம். மேசை போகும் பக்கத்திலேயே நின்றது. மீடியனைத் தாண்டி வந்து கப் நீட்ட ஆள் போடவில்லை. தாண்டிப் போன சிலரிடமும் கப் தீர்ந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

13.6 கி.மீ.: போகும்போது இல்லாத மேசை வரும்போதும் இல்லை.

16.1 கி.மீ.: காலிக் கேன்கள் மட்டும்.

18.6 கி.மீ.: ஒரு கேனில் அடித் தண்ணீர் இருந்தது. நேரம் 7:56.

ஆக, 10 முதல் 18.6 வரை 8.6 கி.மீ. தூரம், 73 நிமிடம், ஒரு வாய் தண்ணீர் இல்லை. சூரியன் 6:20 வாக்கிலேயே எழுந்துவிட்டது. அந்தச் சாலையில் நிழல் கிடையாது. கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட காலையில் ஓடுபவர் மணிக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இழப்பது சாதாரணம். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கும் நெம்மேலியைக் கடந்துதான் நாங்கள் வறண்ட வாயோடு ஓடினோம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தெருவோட்டப் பந்தயங்களுக்கான வேர்ல்டு அத்லெடிக்ஸ் டெக்னிகல் விதி 55, தொடக்கத்திலும் முடிவிலும், இடையில் சுமார் 5 கி.மீ. இடைவெளியிலும் தண்ணீர் இருக்க வேண்டும் என்கிறது. வெயிலையும் ஓடுபவர்களின் உடல்திறனையும் பார்த்து இன்னும் நெருக்கமாக வைக்கலாம் என்றும் சொல்கிறது. நீங்கள் வாக்களித்தது அதைவிட நெருக்கம். கொடுத்தது அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

ஞாயிறு மாலை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளக்கம் வந்தது: "கேன் ஏற்றிய குட்டியானை போலீஸ் தடுப்பில் மாட்டிக்கொண்டது, மேசைக்கு 20 கேன் வீதம் ஏற்பாடு செய்திருந்தோம், முன்னால் போனவர்கள் தலையில் ஊற்றிக்கொண்டதால் பின்னால் வந்தவர்களுக்குப் பற்றவில்லை." இதை அப்படியே ஏற்க முடியாது. காரணத்தைக் கணக்காகவே தருகிறேன்.

20 லிட்டர் கேன் இருபது என்றால் 400 லிட்டர். ஒரு கப்பில் 150 மி.லி. ஊற்றினால், ஒரு சொட்டு சிந்தாமல் 2,666 கப். அரை மாரத்தானில் 1,800 பேர் என்று நீங்களே அறிவித்தீர்கள். போய்த் திரும்பும் பாதையில் ஒவ்வொரு மேசையையும் ஒருவர் இரண்டு முறை கடக்கிறார். அதாவது 3,600 முறை. முறைக்கு ஒரு கப் என்று கண்டிப்பாக நின்றாலும் 27 கேன் வேண்டும். மார்ச் மாதத்தில் யாரும் ஒரு கப்போடு நிற்பதில்லை. இரண்டு கப் என்றால் 54 கேன். 2.5 கி.மீ. மேசைக்கு நிலைமை இன்னும் மோசம். அதே வழியில் ஓடிய 10 கி.மீ. பிரிவின் 1,200 பேரையும் சேர்த்தால் அந்த மேசையைக் கடந்தது 6,000 முறை. ஒரு கப் வீதமே 45 கேன். அதே மேசையில், திரும்பி வரும் 18.6-இல் அடித் தண்ணீர் மட்டும் மிஞ்சியது இதனால்தான். வண்டி நேரத்துக்கு வந்திருந்தாலும், தலையில் யாருமே ஊற்றாமல் இருந்திருந்தாலும், திட்டமிட்ட 20 கேன் பாதி வழியில் தீர்ந்திருக்கும். போலீஸ் தடுப்பு இதற்குக் காரணம் ஆகாது. திட்டமே குறைவு.

தலையில் ஊற்றுவதும் எதிர்பாராத காரியம் அல்ல. வெயிலில் ஓடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அதற்கென்று மேசை ஓரமாகத் தொட்டியில் நீரும் ஸ்பாஞ்சும் வைத்தால் குடிநீர் மிஞ்சும். வண்டி விஷயமும் அப்படியே. சாலை அடைக்கப்படும் நேரம் உங்களுக்கு முன்பே தெரியும். 5:30-க்கு ஓட்டம் என்றால் கேன், குழாய், கப், குப்பைப் பை எல்லாம் 4 மணிக்கே மேசையில் இறங்கியிருக்க வேண்டும். எல்லா மேசைக்கும் ஒரே வண்டி வரிசையாகப் போட்டுக்கொண்டு போனால், முதல் தடுப்பிலேயே மற்ற மேசைகள் அத்தனையும் போய்விடும்.

இன்னொன்று. கடைசியில் வருபவர்களை ஏற்றும் வேனிலும் தண்ணீர் இல்லை. உப்பும் கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தவர்கள், முடிவுக்கோட்டில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்ததைப் பார்த்தேன். இரத்தத்தில் சோடியம் தாழ்ந்துபோகும் ஆபத்து அதில் உண்டு. முடிவுக்கோட்டிலாவது ஓ.ஆர்.எஸ். வைத்திருக்கலாம். 7.5 கி.மீ. மேசைக்கு ஒதுக்கிய ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் எங்கே போயின என்பதற்கும் பதில் எதிர்பார்க்கிறேன்.

பதிவின்போது ஏற்ற இரண்டு நிபந்தனைகளை நீங்கள் காட்டக்கூடும். "பதிவுக் கட்டணம் எக்காரணத்துக்காகவும் திரும்பத் தரப்படாது" என்பது பணம் கட்டிவிட்டு ஓட வராதவருக்குச் சரி. ஓட வந்தவருக்குச் சேவை தராதவர் அதன் பின்னால் நிற்க முடியாது. ஆபத்தை ஏற்கும் உறுதிமொழியும் அப்படித்தான். கால் பிசகுவது, தசை பிடிப்பது ஓட்டத்தோடு வரும் ஆபத்து; அறிவித்த தண்ணீரை வைக்காமல் விடுவது அதில் சேராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), தருவதாக ஒப்புக்கொண்ட சேவையின் தன்மையிலும் தரத்திலும் நிறைவேற்றும் முறையிலும் உள்ள குறைவைச் சேவைக் குறைபாடு என்கிறது.

எனவே கேட்பவை:

முதலாவது, பதிவுக் கட்டணம் ரூ. 1,500-உம் ஜிஎஸ்டி ரூ. 270-உம் சேர்த்து ரூ. 1,770, பணம் வந்த கணக்குக்கே திரும்ப வேண்டும். சேவை குறைபாடுள்ளதாக இருந்தால் கிரெடிட் நோட் வழங்க மத்திய ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 34 இடம் தருகிறது. ஆகவே வரியைத் திருப்ப முடியாது என்ற பதில் வேண்டாம். பதிவுத் தளத்தின் வசதிக் கட்டணம், பெட்ரோல், முந்தைய இரவு அறை வாடகை ஆகியவற்றைக் கேட்கவில்லை. டி-ஷர்ட் போடாமல் அப்படியே இருக்கிறது. அதையும் மெடலையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். டி-ஷர்ட், மெடல், காலை உணவு தந்தோமே என்று கழித்துக்கொண்டு பாதித் தொகை தருவதை ஏற்கமாட்டேன். தண்ணீர் என்பது கட்டணத்தில் அடங்கிய பத்துப் பொருளில் ஒன்று அல்ல. அது இல்லையென்றால் ஓட்டத்தைத் தொடங்கியே இருக்கக் கூடாது. அடுத்த ஆண்டுக்கான தள்ளுபடிக் கூப்பனும் வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு மேசைக்கும் எத்தனை கேன், எத்தனை கப், எத்தனை மணிக்கு இறங்கியது என்ற பதிவேட்டின் நகல். மருத்துவக் கூடாரத்தில் நீரிழப்பு, வெப்பச் சோர்வுக்காகச் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கை (பெயர்கள் தேவையில்லை). 7.5 கி.மீ. மேசை இல்லை என்று உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரிந்தது, தெரிந்தபின் வழியில் இருந்தவர்களுக்கும் ஆம்புலன்ஸ் குழுவுக்கும் என்ன சொன்னீர்கள் என்பதற்கு எழுத்து மூலமான பதில்.

மூன்றாவது, இதே பாதையில் மீண்டும் நடத்துவதானால் மீடியனின் இரு பக்கமும் தனித்தனி மேசை. ஒரே மேசையை எட்டில் இரண்டாக எண்ணிக் காட்டுவதை நிறுத்துங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணமும் பதிலும் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. நான் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 அனுமதிக்கிறது. அங்கே வழக்குச் செலவும் மன உளைச்சலுக்கான இழப்பீடும் சேர்த்தே கேட்பேன். உடன் ஓடிய மூவர் எழுத்தில் சாட்சி தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பிப் எண் 2147
(பதிவின்போது தந்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்பப்படுகிறது)

இணைப்புகள்: பணம் செலுத்திய ரசீது, ஓட்ட வழிகாட்டி 6-ஆம் பக்கம், சிப் நேரச் சான்றிதழ், ஜிபிஎஸ் கடிகாரப் பதிவு, 5, 13.6, 16.1 கி.மீ. இடங்களில் எடுத்த, நேரம் பதிவான படங்கள். ஞாயிறு மாலை வாட்ஸ்அப் விளக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்.