ராகம் தெரியாதா? பரவாயில்ல, வாங்க!

ஜனவரி 10, சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி
மயிலாப்பூர் வடக்கு மாட வீதி, பூக்கடைக்கு மேல மாடி ஹால்

மைக் இல்லாத கச்சேரி. பாட்டு, வயலின், மிருதங்கம், கடம்.

முதல்முறை கேக்கறவங்க 5.30க்கே வந்துடுங்க, ஆதி தாளம் 8 எண்ணிக்கை எப்படி போடறது, ஒரு தட்டு மூணு விரல் அப்புறம் ரெண்டு தடவ தட்டித் திருப்பறதுன்னு கையோட காட்டிக் குடுத்துடுவோம், தப்பா போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

ரசிகமணிகளே, உங்களுக்கும் குறை வைக்கல: தோடி விஸ்தாரமா, கல்யாணில ராகம் தானம் பல்லவி, ரெண்டு களை, திரிகாலம் உண்டு. நடுவுல லெக்சர் கிடையாது.

மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காபிக்கு ஓடாதீங்க, அது முடியற வரைக்கும் கேன்டீன் பூட்டுதான்!

டிக்கெட் இல்ல. தரையில ஜமக்காளம், பெரியவங்களுக்கு நாற்காலி.