பத்துக் கட்டளைகள்: விளையாட்டு மைதானப் பாடம்

ஞாயிறு பள்ளி, 8 முதல் 10 வயது வரை. சுமார் 20 பிள்ளைகள், 50 நிமிடம்.
வேத பகுதி: யாத்திராகமம் 20:1-17
தேவையானவை: சுண்ணக்கட்டி 4, உடைந்த ஓட்டுச் சில்லு 2, ஒரு ரப்பர் பந்து, ஒரு பழைய மட்டை. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் நிழலான திடலில் நடத்துங்கள்.

ஆசிரியருக்கு

கட்டளைகளை எண்ணும் விதம் சபைக்குச் சபை மாறும். இந்தப் பாடத்தில் விக்கிரகம் பற்றியது இரண்டாவது, இச்சை முழுவதும் பத்தாவது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் முதல் இரண்டையும் ஒன்றாக எண்ணி, இச்சையை இரண்டாகப் பிரிப்பார்கள். அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளை, "களவு செய்யாதே ஏழாவதுதானே?" என்று கேட்டால் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். "வசனங்கள் அதேதான், எண்ணும் முறைதான் வேறு" என்று சொன்னால் போதும்.

வகுப்பில் இருக்கும் யாருடைய பெயரையும் உதாரணத்தில் சேர்க்காதீர்கள். களவு பற்றிப் பேசும்போது ஒரு பையனைத் திரும்பிப் பார்த்தாலே அவன் அடுத்த வாரம் வரமாட்டான். "ஒரு பையன்", "ஒரு பிள்ளை" என்றே சொல்லுங்கள்.

தொடக்கம் (7 நிமிடம்)

பிள்ளைகளை வட்டமாக உட்கார வையுங்கள். கட்டளைகளுக்கு முன் இரண்டாம் வசனத்தை வாசியுங்கள்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே."

பிறகு இப்படிச் சொல்லுங்கள்:

"பிள்ளைகளே, இஸ்ரவேல் ஜனங்க எகிப்துல செங்கல் அறுத்துக்கிட்டு அடிமையா இருந்தாங்க. ஆண்டவர் முதல்ல அவங்களைக் காப்பாத்தி, செங்கடலைத் தாண்டி வெளியே கொண்டுவந்தார். அதுக்கு அப்புறம்தான் சீனாய் மலையில இந்தக் கட்டளைகளைக் கொடுத்தார். 'இதையெல்லாம் செஞ்சாத்தான் காப்பாத்துவேன்'னு அவர் சொல்லலை. காப்பாத்தினவங்களுக்கு, எப்படிச் சேர்ந்து வாழணும்னு சொல்லிக்கொடுத்தார்."

இந்த வரிசையை விட்டுவிட்டால் பாடம் முழுவதும் மிரட்டலாகிவிடும். "தப்புப் பண்ணினா ஆண்டவருக்கு என்னைப் பிடிக்காது" என்ற எண்ணத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போகும். பிறகு செய்த தப்பை மறைக்கத்தான் பழகும்.

கட்டளைகளும் மைதானமும் (22 நிமிடம்)

ஒவ்வொரு கட்டளைக்கும் முதலில் சூழ்நிலையைச் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் கேள்வி கேளுங்கள், கடைசியில் விதியைச் சொல்லிக் கொடுங்கள். விதியை எல்லாரும் இரண்டு முறை திருப்பிச் சொல்லட்டும்.

1. என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம். ஒரு பையனுக்குக் கிரிக்கெட்டில் ஜெயிப்பதுதான் எல்லாம். தோற்றால் சாப்பிடமாட்டான், கூட்டாளியோடு பேசமாட்டான், ஜெயிப்பதற்காகப் பொய்யும் சொல்வான். அவன் மனதில் யார் முதலிடத்தில் இருப்பது? *விதி: ஆண்டவர் முதல்ல, ஆட்டம் அப்புறம்.*

2. விக்கிரகத்தை உனக்கு உண்டாக்கவேண்டாம். இங்கே கவனம் வேண்டும். திடலில் நம் பிள்ளைகளோடு விளையாடும் பாதிப் பேர் வேறு சமயத்தார். அவர்கள் கும்பிடுவதைக் கேலி செய்ய இந்தக் கட்டளை அனுமதி தரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நம் பக்கத்து உதாரணத்தை எடுங்கள்: "இந்தச் சிலுவைச் செயினைப் போட்டா நான் அவுட் ஆகவே மாட்டேன்" என்கிறான் ஒருவன். மோசே செய்த வெண்கல சர்ப்பத்துக்குப் பிற்காலத்து ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). ஆண்டவரை நினைக்க வைத்த பொருளே ஆண்டவருடைய இடத்துக்கு வந்துவிடலாம். *விதி: ராசியை நம்பமாட்டேன், ஆண்டவரை நம்புவேன்.*

3. கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக. பந்து மட்டையில் உரசியது அவனுக்கே தெரியும். ஆனாலும், "பைபிள் மேல சத்தியமா படலை!" மைதானத்தில் அதிகமாக மீறப்படும் கட்டளை இதுதான், பிள்ளைகளே கைதூக்கி ஒத்துக்கொள்வார்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்ல இயேசு கற்றுக்கொடுத்ததை (மத்தேயு 5:37) வாசியுங்கள். *விதி: சத்தியம் பண்ணமாட்டேன், பட்டா பட்டுச்சு, படலைன்னா படலை.*

4. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக. ஆராதனை நேரத்தில் திடலுக்கு ஓடாதே என்று சொல்லி இதை முடித்துவிடாதீர்கள். பத்தாம் வசனத்தில் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மிருகஜீவனுக்கும்கூட ஓய்வு சொல்லியிருக்கிறது. மைதானத்தில் அந்த வேலைக்காரன் யார் என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்தால் பிள்ளைகளே சொல்வார்கள்: சாயங்காலம் முழுவதும் பந்து பொறுக்க மட்டும் ஓடவிடப்படும் குட்டித் தம்பி. சாக்கடையில் விழுந்தாலும் முள்ளுக்குள் போனாலும் அவன்தான் போகவேண்டும், மட்டை மட்டும் அவனுக்குக் கிடைக்காது. *விதி: ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரோடு இருப்பேன், எனக்காக ஓடுறவனை உட்கார வைப்பேன், அவனுக்கும் ஒரு ஓவர் கொடுப்பேன்.*

5. உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக. அம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறார்; "இந்த ஒரு ஓவர்ம்மா" என்று சொல்லி ஐந்து ஓவர் ஆகிறது. *விதி: முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்வேன், இரண்டாவதுக்கு முன்னாடி கிளம்புவேன்.* விடுதிப் பிள்ளைகளும் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே "உங்களை வளர்க்கிறவங்க" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இதையும் விடாமல் சொல்லுங்கள்: "பெரியவங்க யாராவது தொடக்கூடாத இடத்துல தொட்டா, 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு மிரட்டினா, அதுக்குக் கீழ்ப்படியறது கனம்பண்றது இல்லை. ஓடிவந்து சொல்லுங்க. 1098-க்கும் போன் பண்ணலாம்."

6. கொலை செய்யாதிருப்பாயாக. "நாங்க யாரையும் கொல்லலையே" என்பார்கள். மத்தேயு 5:21-22 வாசியுங்கள். இயேசு கோபத்திலிருந்தும் வசவிலிருந்தும் தொடங்குகிறார். மைதானத்தில் இது மூன்று படியாக வரும்: முதலில் பட்டப்பெயர், பிறகு தள்ளுதல், பிறகு கல். முதல் படியில் நிறுத்துவது சுலபம், மூன்றாவதில் யாராலும் முடியாது. இரண்டு பிள்ளைகளை எழுப்பி நடித்துக் காட்டச் சொல்லுங்கள்: ஒருவன், "நீ ஆடினது போதும், வெளியே போடா" என்கிறான், மற்றவன் மூன்று அடி பின்னால் போய், கைகளைப் பின்னால் கட்டி, "எனக்குக் கோபமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்கிறான். ஜோடி ஜோடியாக எல்லாரும் ஒரு முறை செய்யட்டும். வாயால் மட்டும் சொன்னது சண்டை நேரத்தில் ஞாபகத்துக்கு வராது. *விதி: மூணு அடி பின்னால, கை முதுகுக்குப் பின்னால.*

7. விபசாரம் செய்யாதிருப்பாயாக. அர்த்தம் கேட்பார்கள். முகம் சிவக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள்: "கல்யாணத்துல கணவனும் மனைவியும் ஒருத்தருக்கு ஒருத்தர் கொடுத்த வாக்கை உடைக்கிறது." அதற்கு மேல் விளக்கம் இந்த வயதுக்குத் தேவையில்லை. பெற்றோர் பிரிந்திருக்கும் பிள்ளை இருந்தால் இங்கே நீட்டாதீர்கள். *விதி: உன் டீம்ல ஆடுறேன்னு கொடுத்த வாக்கை, இன்னொருத்தன் நல்ல மட்டை வச்சிருக்கான்னு விட்டுட்டுப் போகமாட்டேன்.*

8. களவு செய்யாதிருப்பாயாக. இதில் நிதானமாக நில்லுங்கள். பிள்ளைகள் களவு என்று நினைக்காத களவுகள் நிறைய. அவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கீழே கிடந்த கோலிக்குண்டு யாருடையது? விளையாடக் கொடுத்த பம்பரம் ஒரு வாரமாக உன் பையில் இருந்தால்? ஊஞ்சலில் வரிசை தாண்டி ஏறினால் எதைத் திருடினாய்? (அடுத்தவனுடைய முறையை.) "கண்டெடுத்தவனுக்கே சொந்தம்" என்பதுதான் அவர்கள் சட்டம். ஆனால் உபாகமம் 22:1-3 காணாமற்போன ஆட்டையும் வஸ்திரத்தையும் உரியவனிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது.

திருப்பிக் கொடுப்பதிலும் அளவு உண்டு. திருடிய ஆட்டை விற்றவன் நான்கு ஆடுகள் கொடுக்கவேண்டும் (யாத்திராகமம் 22:1). சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றதும் அதே அளவு. ஆகவே "சாரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பம்பரத்தைப் பையிலேயே வைத்திருப்பது மன்னிப்புக் கேட்டதாகாது. *விதி: கேட்டு எடுப்பேன், சொன்ன நேரத்துல கொடுப்பேன், உடைச்சா வாங்கிக் கொடுப்பேன்.*

9. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைகிறது. வாட்ச்மேன் தாத்தா வருகிறார். எல்லாரும் ஒரே பையனைக் கைகாட்டுகிறார்கள், ஏனென்றால் அவனுக்காகப் பேச ஆள் இல்லை. கூட்டமாகச் சொன்ன பொய்யும் பொய்யே. மூன்று பதில்களைக் கற்றுக்கொடுங்கள்: "நான் பார்த்தேன்", "நான் பார்க்கலை", "மத்தவங்க சொல்லிக் கேட்டேன்". மூன்றாவதை முதலாவதாக மாற்றுவதுதான் பொய்ச்சாட்சி. "தப்பைச் சொல்லிக்கொடுத்தா கோள் சொல்றதா ஆகாதா?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். யாரையாவது மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் அது கோள். யாருக்காவது அடிபடாமல் காப்பதற்காகச் சொன்னால் அது சாட்சி. *விதி: பார்த்ததை மட்டும் சொல்வேன்.*

10. பிறனுடைய எதையும் இச்சியாதிருப்பாயாக. புது ஷூ நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இச்சை ஆகாது. "அது அவன்கிட்ட இருக்கக்கூடாது, என்கிட்ட இருக்கணும்" என்பதே இச்சை. எந்த அம்பயருக்கும் இது தெரியாது, ஆனால் எட்டும் ஒன்பதும் இங்கிருந்துதான் புறப்படும். *விதி: "உன் ஷூ சூப்பரா இருக்குடா"ன்னு வாய்விட்டுச் சொல்லிடுவேன்.*

சில்லு விளையாட்டு (15 நிமிடம்)

தரையில் பத்துக் கட்டம் வரையுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. முதல் நான்கு ஒற்றை வரிசை: ஆண்டவரைப் பற்றியவை. மீதி ஆறும் இரண்டிரண்டாக மூன்று வரிசை: மற்றவர்களைப் பற்றியவை. எண்களை மட்டும் எழுதுங்கள். பிள்ளை சில்லை எறிந்து, அது விழுந்த கட்டத்தின் விதியைச் சொல்லி, நொண்டியடித்துப் போய் எடுத்துவர வேண்டும்.

ஒரே பாண்டிக்கு 20 பேர் நின்றால் பின்னால் நிற்பவர்கள் சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே இரண்டு வரைந்து பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். டைல்ஸ் தரையிலும் ஈர சிமெண்டிலும் நொண்டியடிக்க விடாதீர்கள், வழுக்கும், நடந்தே போகட்டும். விதி தெரியாத பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள், வரிசையில் நிற்பவர்கள் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கட்டும். கோட்டில் விழுந்ததா கட்டத்தில் விழுந்ததா என்று தகராறு வரும். அப்போது நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "ஒன்பதாவது விதி என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

முடிவு (6 நிமிடம்)

ஜெபம்: "ஆண்டவரே, எங்களை மீட்டதற்காக நன்றி. இந்த வாரம் மைதானத்தில் கோபம் வரும்போது மூன்று அடி பின்னால் போக உதவி செய்யும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கத் தைரியம் தாரும். தப்புச் செய்தால் உம்மிடம் ஓடிவரச் செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

வீட்டுவேலை: ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து, அதன் எண்ணை நோட்டு அட்டையின் உள்பக்கம் எழுதட்டும். பத்தையும் கடைப்பிடிக்கச் சொன்னால் திங்கட்கிழமையே கைவிட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிறு "யார் ஜெயித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். "எங்கே கஷ்டமா இருந்தது?" என்று கேளுங்கள். யாராவது பம்பரத்தையோ கோலியையோ கொண்டுவந்து நீட்டினால், எல்லார் முன்பும் பாராட்டாமல், உரியவனிடம் கொடுக்க அவனோடு கூடவே நடந்து போங்கள்.