பாம்புக்கடித் துண்டறிக்கை, மூன்றாம் வரைவு: ஓரக் கருத்துகளில் முடிந்தவையும் நிற்பவையும்

டாக்டர் அம்மா, கலா அக்கா, பாஸ்கர் அண்ணன், சுகந்தி, இளங்கோ அனைவருக்கும் வணக்கம்.

வரைவின் ஓரத்தில் நாம் எழுதிய கருத்துகள் அனைத்தையும், தீர்ந்தது என்று மூடப்பட்டவற்றையும் சேர்த்து, முதலிலிருந்து வாசித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். யார் எதை ஏற்றார்கள், யார் எதை மறுத்தார்கள், எது இன்னும் முடிவாகாமல் நிற்கிறது என்று நான் புரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கருத்தை நான் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தால், அந்தந்த இடத்திலேயே பதில் எழுதுங்கள். தொலைபேசியில் எனக்கு மட்டும் சொன்னால் மற்ற நான்கு பேருக்கும் அது தெரியாமல் போகும்.

மிக அவசரமானது முதலுதவிப் பகுதியின் மூன்றாவது வரி. அதற்கு டாக்டரின் ஒப்புதல் இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கருத்துத் தொடரைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்:

டாக்டர், ஜூன் 9: "இந்த வரி சரி. இப்படியே போகலாம்."
இளங்கோ, ஜூன் 9: "நன்றி டாக்டர். மூடிவிடுகிறேன்."

ஆனால் டாக்டர் பார்த்த வரி இது: "கடிபட்ட கை அல்லது காலோடு மரச்சட்டம் வைத்து, அசையாதபடி துணியால் தளர்வாகச் சுற்றவும்." இப்போது வரைவில் இருக்கும் வரி: "கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி நன்றாகக் கட்டவும்." திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஜூன் 11 அன்று மொழிநடை பார்த்தபோது வரி சுருக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இடம் இல்லாததால் எல்லா வரிகளையும் சுருக்கும்படி சுகந்தியிடம் நாம் எல்லோரும்தான் கேட்டோம். அந்த அவசரத்தில் "தளர்வாக" போய், "நன்றாக" வந்துவிட்டது. மரச்சட்டமும் போய்விட்டது.

வயலில் நின்றுகொண்டு இந்த வரியைப் படிப்பவர் என்ன செய்வார்? கயிற்றையோ துண்டையோ எடுத்து, கடிவாய்க்கு மேலே ரத்தம் ஓடாதபடி இறுக்கிக் கட்டுவார். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது அதுதான். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே நாம் இந்தத் துண்டறிக்கையை எழுதத் தொடங்கினோம். விரியன் கடித்த கால் ஏற்கெனவே வீங்கிக்கொண்டிருக்கும். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்துச் சதை மேலும் கெடும். கட்டைச் சட்டென்று அவிழ்க்கும்போது ஆபத்து இன்னும் கூடும். எனவே ஜூன் 9 ஒப்புதலைப் புதிய வரிக்கு நான் கணக்கில் எடுக்கவில்லை. மூடிய தொடரை மீண்டும் திறந்து, பழைய வரியை அப்படியே திரும்ப வைத்திருக்கிறேன். டாக்டர், இப்போது இருக்கும் வரியை ஒருமுறை பார்த்து, இன்றைய தேதியிட்டு ஒரு சொல் எழுதிவிடுங்கள்.

அதே தொடரில் இளங்கோ எழுப்பிய கேள்வியும் பதில் பெறாமலே மூடப்பட்டுவிட்டது. அழுத்தக் கட்டுப் போடும் முறை ஆஸ்திரேலியாவில் சொல்லித்தரப்படுகிறதே, நாம் ஏன் அதைச் சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வாசகர்களில் சிலரும் கேட்பார்கள். டாக்டர் வேறொரு இடத்தில், ஐந்தாம் பக்கத்தில், இதற்குப் பதில் எழுதியிருக்கிறார்: "அங்கே அந்த முறை பெரும்பாலும் நரம்பைத் தாக்கும் நஞ்சுள்ள பாம்புகளுக்காக. இங்கே கடித்தது விரியனா கட்டுவிரியனா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. விரியனாக இருந்தால் அழுத்தம் கேடு செய்யும். பொதுமக்களுக்கான தாளில் வேண்டாம்." இது தெளிவான மறுப்பு, காரணமும் இருக்கிறது. இளங்கோவும் அதன் கீழே "ஏற்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். அந்த விஷயம் முடிந்தது.

அடுத்தது பாம்புப் படங்கள். இது மூடப்பட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. முன் அட்டையில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் வண்ணப் படங்களும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இளங்கோவின் விருப்பம். 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நேரில் போய் எடுத்துவந்த படங்கள்; அழகாகவும் தெளிவாகவும் இருக்கின்றன. டாக்டர் எழுதியது: "முன் அட்டையில் படம் இருந்தால் கடித்த பாம்பைத் தேடிப் பொருத்திப் பார்க்கத் தொடங்குவார்கள். அடித்துக்கொன்று பையில் போட்டு வருகிறார்கள். சிலர் அந்த முயற்சியில் இரண்டாவது கடியும் வாங்குகிறார்கள். நாம் போடும் மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரித்தது. எந்தப் பாம்பு என்று தெரியாமலே சிகிச்சை தொடங்க முடியும்."

இதற்குப் பிறகு சுகந்தி "பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் பயன்படும்" என்று எழுதினார். பாஸ்கர் அண்ணன் கட்டைவிரல் குறி போட்டார். அடுத்த நாள் இளங்கோ "படங்கள் இருக்கட்டும், முடிவாகிவிட்டது" என்று மூடிவிட்டார். யார் முடிவு செய்தது? மறுத்தவர் டாக்டர், அவர் மறுப்பைத் திரும்பப் பெறவில்லை. மறுத்தவர் ஒப்பாமல், கேட்டவரே மூடினால் மறுப்பு கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவுதான். பாஸ்கர் அண்ணனின் குறியும் எதற்கு என்று தெரியவில்லை, அது சுகந்தியின் பதிலின் மேல் இருக்கிறது. அண்ணனிடம் கேட்டேன்: "வண்ண அச்சுக்கான செலவு சரிதான் என்று போட்டேன். படம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து இல்லை" என்றார். ஆக, ஆதரவு இரண்டு, மறுப்பு ஒன்று. ஆனால் மறுத்தவர்தான் நம்மில் இரவுப் பணியில் கடிபட்டவர்களைப் பார்ப்பவர். எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நான் முன்வைப்பது: படங்கள் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். அவற்றுக்கு மேலே "பாம்பைத் தேட வேண்டாம், அடிக்க வேண்டாம்" என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும். முன் அட்டையில் 108 மட்டும். டாக்டரும் இளங்கோவும் இதற்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதும்வரை இது திறந்தே இருக்கும்.

புள்ளிவிவரப் பத்தியில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தார்கள், சராசரியாக ஆண்டுக்கு 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வின் கணக்கு. டாக்டர் சரிபார்த்தார், சுகந்தி வரியை எளிதாக்கினார், எண்கள் மாறவில்லை. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் ஆக்கியது பற்றிய வரியை எடுத்துவிடலாம் என்று கலா அக்கா கேட்டார். அறிவிக்க வேண்டியது மருத்துவமனை, வாசிப்பவர் அல்ல என்பது அவர் காரணம். யாரும் மறுக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

மந்திரிப்பவர் பற்றிய வரிக்கு வருகிறேன். வரைவில் "மந்திரவாதிகளிடம் போய் ஏமாறாதீர்கள்" என்று இருந்தது. கலா அக்கா எழுதியதை முழுவதும் எடுத்துத் தருகிறேன், ஏனென்றால் அதைச் சுருக்கினால் பொருள் போய்விடும்: "எங்கள் ஊரில் மந்திரிக்கும் தாத்தாவை எல்லோரும் மதிக்கிறார்கள். அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதினால் தாளை மடித்து வைத்துவிடுவார்கள், உள்ளே இருப்பதையும் படிக்க மாட்டார்கள். போன வருடம் அவரிடமே நேரில் பேசினேன். இப்போது வருபவர்களை முதலில் ஆசுபத்திரிக்குப் போ, திரும்பி வந்து மந்திரித்துக்கொள் என்று அவரே அனுப்புகிறார். அதையே எழுதலாம்." இதன் கீழே டாக்டர் எழுதியது ஒரே வரி: "சரி, பார்க்கலாம்."

இதை நான் ஒப்புதலாக எடுக்கவில்லை, மறுப்பாகவும் எடுக்கவில்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், கலா அக்கா சொல்வதே சரி. நாம் எழுதுவது மந்திரிப்பவரை வெல்வதற்காக அல்ல. ஒரு மணி நேரம் முன்னதாக ஒருவர் ஊசி போடும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்காக. ஆனால் மருத்துவ வரிகளில் கடைசிச் சொல் டாக்டருடையது என்று நாம் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். டாக்டர், மாற்று வரி இது: "முதலில் மருத்துவமனை. மற்றதெல்லாம் குணமாகித் திரும்பிய பிறகு." ஏற்கலாமா?

கடைசியாக, எந்த மருத்துவமனை என்ற கேள்வி. இதில் சண்டை எதுவும் இல்லை, தகவல்தான் இல்லை. "அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும்" என்று வரைவு சொல்கிறது. கலா அக்கா: "இரவு பத்து மணிக்கு மேல் நம் பகுதியில் எல்லா நிலையங்களிலும் டாக்டர் இருக்க மாட்டார். கதவைத் தட்டி, காத்திருந்து, பிறகு அரசு மருத்துவமனைக்கு ஓடினால் நேரம் போய்விடும்." டாக்டர்: "பகலில் அருகில் உள்ள நிலையமே நல்லது, மருந்தைச் சீக்கிரம் தொடங்கலாம். ஆனால் கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களுக்கு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று வருவார்கள். மூச்சு நின்றால் செயற்கை சுவாசக் கருவி உள்ள இடம் தேவை." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை, கலா அக்கா இரவைப் பேசுகிறார், டாக்டர் பகலையும் இரவையும் பிரித்துப் பேசுகிறார். தொடரைக் கடகடவென்று படித்தால் வாக்குவாதம் போலத் தோன்றும், அதனால்தான் நாமெல்லோரும் ஒதுங்கிப்போய்விட்டோம் போலிருக்கிறது.

தேவைப்படுவது ஒரு பட்டியல்: நம் வட்டாரத்தில் 24 மணி நேரமும் டாக்டரும் நஞ்சுமுறி மருந்தும் இருக்கும் இடங்கள் எவை, அவற்றின் தொலைபேசி எண்கள் என்ன. வட்டார மருத்துவ அலுவலரிடம் புதன்கிழமைக்குள் எழுத்தில் கேட்டு வாங்குவதாகக் கலா அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். பட்டியல் வந்தால் பெயர்கள் அப்படியே அச்சாகும். வராவிட்டால் "108ஐ அழையுங்கள், எங்கே போக வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்" என்ற வரியோடு போகலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இந்த ஒப்புதல் நிபந்தனையோடு வந்தது. புதன் இரவுக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்.

பாஸ்கர் அண்ணனுக்கு: 5,000 பிரதிக்கான விலையை நீங்கள் ஏற்றதைக் குறித்துக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்றதாகக் குறிக்கவில்லை. அச்சகத்தில் நம் இடத்தை வெள்ளி மாலைவரை பிடித்து வையுங்கள், முன்பணம் மட்டும் வியாழன் இரவுவரை வேண்டாம். மூன்றாவது வரி, படங்களின் இடம், மந்திரிப்பவர் வரி ஆகிய மூன்றிலும் டாக்டரின் எழுத்து வந்த பிறகு நான் உங்களை அழைக்கிறேன். இனி வரைவில் யாராவது ஒரு சொல்லை மாற்றினாலும், ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய வரியாக இருந்தால், ஒப்பியவரின் பெயரைக் குறிப்பிட்டுப் புதிய கருத்து ஒன்றைத் திறந்துவிட்டு மாற்றுங்கள்.