அத்தைக்கு: ஸ்வீடன் விசா படிவம், கட்டம் கட்டமாக

அத்தை, நீங்கள் அனுப்பிய நான்கு படங்களும் கிடைத்தன. இரண்டாவது படத்தில் லைட் வெளிச்சம் பட்டு நடுவில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பரவாயில்லை, ஸ்வீடன் உட்பட ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் அச்சடித்திருக்கிறது, அந்த எண்ணை வைத்தே சொல்கிறேன்.

எழுத உட்காரும்போது பாஸ்போர்ட், பவித்ரா அனுப்பிய அழைப்புக் கடிதம், டிக்கெட் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில், கறுப்பு அல்லது நீலப் பேனாவில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் இந்த மூன்றில் ஒன்றில் கட்டாயம் இருக்கும். வலது ஓரத்தில் உள்ள நீளமான பட்டை அலுவலகத்துக்கு, அதில் எதுவும் எழுத வேண்டாம். உங்களுக்குப் பொருந்தாத கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போடுங்கள்.

1: குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். உங்கள் பாஸ்போர்ட்டில் மாமா பெயர் இருக்கிறது: சுந்தரம்.

2: பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் பள்ளிச் சான்றிதழில் தாத்தா பெயர்தானே இருந்தது? ராமலிங்கம் என்று முழுதாக எழுதுங்கள். இனிஷியல் மட்டும் போடாதீர்கள்.

3: உங்கள் சொந்தப் பெயர், மீனாட்சி. வீட்டில் கூப்பிடும் பெயரோ, முன்னால் "திருமதி"யோ வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் ஒன்றுகூட மாறக் கூடாது. முதல் மூன்று கட்டங்களும் பயண ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது.

4: பிறந்த தேதி. நாள், மாதம், வருடம் என்ற வரிசை, நம் வழக்கம்தான். ஜாதகத்தில் உள்ள தேதி வேறு என்று பாட்டி சொல்வார்கள், தெரியும். இங்கே பாஸ்போர்ட் தேதி மட்டும்தான் செல்லும்.

5: பிறந்த ஊர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி. 6: பிறந்த நாடு, இந்தியா. 7: இப்போதைய குடியுரிமை, இந்தியன். அதற்குக் கீழே பிறந்தபோது வேறு குடியுரிமை இருந்ததா, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்கிறார்கள், கோடு போடுங்கள். 8-இல் இரண்டாவது பெட்டி, பெண். 9-இல் இரண்டாவது பெட்டி, திருமணமானவர். 10 சிறுவர்களுக்கானது, கோடு. 11 தேசிய அடையாள எண். பவித்ரா தன் மாமியாருக்கு நிரப்பியபோது ஆதார் எண்ணை எழுதினாளாம், நீங்களும் அதையே எழுதுங்கள்.

12: முதல் பெட்டி, சாதாரண பாஸ்போர்ட். 13: பாஸ்போர்ட் எண், ஒரு எழுத்தும் ஏழு இலக்கங்களும். 14 கொடுத்த தேதி, 15 முடியும் தேதி. இந்த இரண்டும் பாஸ்போர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாறிவிடும், நிதானமாகப் பாருங்கள். 16 எந்த நாடு கொடுத்தது என்ற கேள்வி. பாஸ்போர்ட்டில் ஊர் பெயர் இருக்கும், ஆனால் இங்கே இந்தியா என்று எழுத வேண்டும்.

17, 18 இரண்டையும் கவனமாகப் படியுங்கள் அத்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகனாக இருக்கும் குடும்பத்தாரைப் பற்றிய கேள்வி இது. மகள் அங்கே இருக்கிறாளே என்று பவித்ராவின் விவரத்தை இங்கே எழுதத் தோன்றும். அவள் அங்கே வேலை பார்க்கிறாள், வசிக்கிறாள், அவ்வளவுதான். அவள் இன்னும் இந்தியக் குடிமகள், இந்திய பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாள். அதனால் இரண்டிலும் கோடு. அவள் பெயருக்கு இடம் 30-இல் வருகிறது.

19: வீட்டு முகவரி, மின்னஞ்சல், போன். இப்போது இருக்கும் வீட்டு முகவரியை எழுதுங்கள். மின்னஞ்சல் மாமாவுடையது போதும். 20: சொந்த நாடு தவிர வேறு நாட்டில் வசிக்கிறீர்களா? இல்லை. 21: தொழில், ஹவுஸ்வைஃப். 22: வேலை தருபவர், கோடு.

23: பயணத்தின் நோக்கம். மூன்றாவது பெட்டி, உறவினரைப் பார்க்க. முதல் பெட்டி சுற்றுலா, அதையும் சேர்த்து டிக் செய்ய வேண்டாம். 24-இல் கூடுதல் விவரம் கேட்கிறார்கள். பவித்ராவின் கடிதத்தில் இரண்டாவது பத்தியில், மகளைப் பார்க்கவும் பேரக்குழந்தை பிறக்கும்போது உடனிருக்கவும் வருகிறார் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அப்படியே பார்த்து எழுதுங்கள். கடிதம் ஒன்று சொல்லி, படிவம் வேறு சொன்னால் தேவையில்லாத கேள்வி வரும்.

25 முக்கியமாகப் போகும் நாடு, 26 முதலில் நுழையும் நாடு. இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தங்கப்போவது ஸ்வீடனில், அது 25-இல். ஆனால் விமானம் ஃபிராங்க்பர்ட்டில் மாறுகிறது. பாஸ்போர்ட், நுழைவுச் சோதனை எல்லாம் அங்கேதான் நடக்கும், அங்கிருந்து ஸ்டாக்ஹோம் போவது உள்நாட்டு விமானத்தில் போகிற மாதிரி. அதனால் 26-இல் ஜெர்மனி.

27: எத்தனை முறை நுழைவு? முதல் பெட்டி, ஒரு முறை. கீழே இரண்டு தேதிகள். வந்து சேரும் தேதி 12-05-2026. நீங்கள் 11-ஆம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்பினாலும், ஃபிராங்க்பர்ட்டில் இறங்கும் நாள்தான் கணக்கு. திரும்பும் தேதி 02-08-2026. போகிற நாள், வருகிற நாள் இரண்டையும் சேர்த்து 83 நாள். 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி, நாம் அதற்குள் இருக்கிறோம்.

28: முன்பு கைரேகை கொடுத்திருக்கிறீர்களா? ஆதாருக்குக் கொடுத்தோமே என்று ஆம் போட்டுவிடாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்ததை மட்டும்தான் கேட்கிறார்கள். இல்லை. 29 வேறு நாட்டுக்குப் போகிற வழியில் தங்குபவர்களுக்கு, கோடு.

30: அழைப்பவர். பவித்ராவின் பெயர், முகவரி, மின்னஞ்சல், போன் எல்லாம் கடிதத்தின் மேல்பகுதியில் இருக்கின்றன. 31 நிறுவனம் அழைத்தால், கோடு.

32: செலவை யார் பார்க்கிறார்கள்? இடது பாதி நீங்களே என்றால், வலது பாதி வேறு ஒருவர் என்றால். எல்லாச் செலவும் பவித்ராவுடையது என்பதால் இடது பாதியைத் தொடாதீர்கள். வலது பாதியில் முதல் பெட்டி, 30-இல் சொன்னவர் என்று பொருள், அதை டிக் செய்யுங்கள். அதற்குக் கீழே எப்படி என்று கேட்கும் பெட்டிகளில், தங்கும் காலத்தின் எல்லாச் செலவும் என்பதையும், டிக்கெட்டையும் அவளே எடுத்ததால் முன்பணம் கட்டிய பயணம் என்பதையும் டிக் செய்யுங்கள். அவை மூன்றாவதும் நான்காவதும்.

33 படிவத்தை வேறு யாராவது நிரப்பினால். நீங்களே எழுதினால் கோடு. மாமா எழுதிக் கொடுத்தால் அவர் பெயரும் முகவரியும் வர வேண்டும், மறைக்க வேண்டிய விஷயம் இல்லை.

கடைசிப் பக்கம் முழுக்க உறுதிமொழி. படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதற்காகச் சாரத்தைச் சொல்கிறேன். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது. உங்கள் புகைப்படமும் கைரேகையும் அவர்கள் தகவல் அமைப்பில் அதிகபட்சம் ஐந்து வருடம் இருக்கும். எழுதியது எல்லாம் உண்மை. பொய் இருந்தால் விசா மறுக்கப்படும், கொடுத்த விசாவும் ரத்தாகும். விசா முடிவதற்குள் கிளம்பிவிடுவேன். இதெல்லாம் உங்களுக்குச் சம்மதம் என்றுதான் கையெழுத்து. பாஸ்போர்ட்டில் தமிழில் போட்டிருக்கிறீர்கள், இங்கேயும் அதே மாதிரி தமிழில் போடுங்கள்.

முதலில் ஜெராக்ஸ் தாளில் எழுதி எனக்குப் படம் அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு படம். பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் அசலில் எழுதலாம்.